பிரிவில் சேர முடியாது என்று சொல்வது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிக் கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். சேர்ந்து பரிசு வாங்கப் பணம் திரட்டுவதை இங்கே மலையாளத்து வழக்கில் 'பிரிவு' என்போம். நாங்கள் 22 பேர், தலைக்கு 500 ரூபாய். கல்யாணம், புதுவீடு, பணிநிறைவு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

போன வருடம் ஒரு கல்யாணப் பிரிவுக்கு, "சம்பளம் வரட்டும் அக்கா, தர்றேன்" என்றேன். என்னால் முடியாது என்று அப்போதே தெரியும், சொல்ல வாய் வரவில்லை. பிரிவு எடுத்த அக்கா என் பங்கையும் தன் கையிலிருந்து போட்டுப் பரிசை வாங்கிவிட்டார். அவருக்குக் கேட்கச் சங்கடம், எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடச் சங்கடம். மூன்றாவது சம்பளத்தில்தான் கொடுத்தேன். மறுப்பை விட இந்த இழுத்தடிப்புதான் அவரை நோகடித்தது என்று அப்புறம் புரிந்தது.

இந்த ஜூனில் மேலாளரின் பணிநிறைவுக்குப் பிரிவு வந்தது. பள்ளி திறக்கும் மாதம், கையில் காசில்லை. அன்று மாலையே அக்காவுக்கு மட்டும் தனியாக எழுதினேன்: "அக்கா, சாருக்கான பிரிவில் இந்தத் தடவை என்னால சேர முடியாதுங்க. என்னை விட்டுட்டுக் கணக்குப் போட்டுக்கோங்க. விழா அன்னிக்கு ஹால் வேலைக்கு நான் வந்துடறேன்."

காரணத்தை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்று எழுதியிருந்தால், "சரி, 200 கொடு", "நான் போட்டுக்கறேன், மெதுவா கொடு" என்று பாசத்தோடு பதில் வரும். மறுபடியும் கடன்தான். 'பார்க்கிறேன்' என்ற சொல்லையும் தவிர்த்தேன். அதை நம்பி என் பங்கையும் சேர்த்து 11,000 ரூபாய்க்குப் பொருள் பார்த்துவிடுவார்கள். அக்காவின் பதில் ஒரே வரி: "சரி கண்ணு, வாங்கறதுக்கு முன்னாலயே சொன்னியே, அது போதும்." 10,500 ரூபாய்க்குள் ஒரு கைக்கடிகாரம் வாங்கினார்கள்.

வாழ்த்து அட்டை கையெழுத்துக்கு வந்தபோது தயங்கினேன். பணம் கொடுக்காதவள் போடலாமா? அக்காவிடமே கேட்டேன். "கடிகாரம் பிரிவுக் காசு. வாழ்த்து உன்னோடது, எழுது" என்றார். சாரிடம் வேலை கற்றுக்கொண்ட நாட்களைப் பற்றி நாலு வரி எழுதினேன்.

பிரிவு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையுமாகப் பட்டியல் போட்டு, கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டே போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 21 பெயர் ஏறியதும் இல்லாத அந்த ஒரு பெயர்தான் எல்லார் கண்ணிலும் படும். கணக்கை உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் மொத்தத் தொகையையும் கடை பில்லையும் மட்டும் போடுங்கள். எங்கள் அக்கா இந்த முறை அப்படித்தான் செய்தார். யார் கொடுக்கவில்லை என்று இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்