ஏழு நாள் மருந்துக்கு நான்கு நாள் பாட்டில்: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கும், குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்றுக்கு செஃபிக்ஸிம் சிரப் வாங்கிப் போன குழந்தை, அடுத்த வாரம் அதே காய்ச்சலோடு திரும்பி வருவது தங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. சென்ற வாரமும் அப்படி ஒரு குழந்தை வந்தது. "மருந்து முழுசும் குடுத்து முடிச்சிட்டோங்க" என்றார் தாய். அவர் சொன்னதில் பொய் இல்லை. பாட்டில் முடிந்தது, அவரும் முடித்தார். சீட்டில் 7 நாள் என்று எழுதியிருந்தது. பாட்டிலில் இருந்ததோ நான்கு நாளுக்குக்கூடப் போதாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. செஃபிக்ஸிம் அளவு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிகிராம். குறைந்த அளவையே எடுத்தாலும் 80 மில்லிகிராம், அதாவது வேளைக்கு 40 வீதம் இரண்டு வேளை. நீர் கலக்க வேண்டிய பொடியாகக் கடையில் அதிகம் கிடைக்கும் டிரை சிரப்பில் 5 மில்லிக்கு 50 மில்லிகிராம் மருந்து. ஆக வேளைக்கு 4 மில்லி, நாளுக்கு 8 மில்லி, ஏழு நாளுக்கு 56 மில்லி. பாட்டிலோ 30 மில்லி. நான்காம் நாள் மாலை வேளைக்கு 2 மில்லிதான் மிஞ்சும். மருத்துவர் 10 மில்லிகிராம் கணக்கில் எழுதியிருந்தால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டு பாட்டில் என்று சீட்டில் எழுதாத மருத்துவரையும், எழுதியும் ஒன்றை மட்டும் கொடுக்கும் கடைக்காரரையும் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கி, குழந்தை விளையாடத் தொடங்கி, பாட்டிலும் காலியான பிறகு, எந்த வீட்டில் இன்னொரு பாட்டில் வாங்க ஓடுவார்கள்? எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: எடைக்கு ஏற்ப முழுச் சிகிச்சைக்கும் போதுமான அளவில், 60 மில்லி பாட்டிலாகவும் இந்த சிரப் கிடைக்க வேண்டும்.

நாள்களைக் குறைக்கலாம் என்று இப்போது பேசப்படுவது எங்களுக்கும் தெரியும். காய்ச்சல் இல்லாமல், கடுப்பு மட்டும் உள்ள பெரிய குழந்தைக்கு 3 நாள்கூடப் போதும். ஏனென்றால் அங்கே கிருமி சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. காய்ச்சல் வந்தால் சிறுநீரகத் திசுவரை போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும், அதற்கு 7 முதல் 10 நாள். 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கவுட் ஆய்வில், ஐந்தாம் நாளுக்குள் தேறிவிட்ட குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 5 நாளோடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத் தொற்று திரும்பியது, 10 நாள் கொடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வித்தியாசம் சிறிதுதான், ஆகவே ஐந்து நாளே போதும் என்று வாதிடுவோரும் உண்டு. மருத்துவர் குழந்தையைப் பார்த்து, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவைப் பார்த்து அப்படி நிறுத்தினால் அது சிகிச்சை. மூன்றரை நாளில் பாட்டிலே நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்?

மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அளவு மூடிகள் பலவற்றில் 2.5, 5 என்றுதான் கோடு இருக்கிறது. 4 மில்லியை அந்தத் தாய் எதில் அளப்பார்? சமையலறை ஸ்பூனில் அளக்கிறார், அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 5 மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஏறக்குறைய அதே அட்டைப்பெட்டியில் வருவதால், கடை மாறினால் மருந்து இரட்டிப்பாகவோ பாதியாகவோ போகிறது. பொடியைக் கலக்குவதும் அப்படித்தான். ஆறவைத்த வெந்நீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கினால், பொடி கரைந்து மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும். மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும் என்று தமிழில் ஒரு வரி பெட்டியில் இல்லை. நிரப்பாவிட்டால் மருந்து அடர்த்தியாகும், கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றைப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு செலவாகும் என்று நிறுவனங்களே சொல்லட்டும்.

பாதியில் நின்ற சிகிச்சை அடுத்த மருந்துத் தேர்வையும் குழப்புகிறது. குழந்தை திரும்பி வரும்போது கிருமி செஃபிக்ஸிமுக்கு அடங்காததா, மருந்தே போதவில்லையா என்பது தெரிவதில்லை. புதிய ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்திருந்தால் வழி உண்டு, எடுக்காவிட்டால் யூகம்தான். சிலர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதிவிடுகிறார்கள். அது சிறுநீரில் நன்றாகச் சேரும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. காய்ச்சலுள்ள குழந்தைக்கு அது உதவாது. சரியான அளவில் கொடுத்தும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, வாய்வழி மருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலிலிருந்தே மருத்துவமனைதான்.

இதைவிடக் கவலை தருவது, மிச்சமுள்ள செஃபிக்ஸிமை "தடுப்புக்கு" என்று ராத்திரி அரை அளவு கொடுக்கும் பழக்கம். தடுப்பு மருந்து என்பது வேறு கணக்கு. சிறுநீர்ப்பாதை இயல்பாக உள்ள குழந்தைக்கு, ஒருமுறை தொற்று வந்ததற்காக அது தேவையே இல்லை. சிறுநீர் சிறுநீரகத்துக்குத் திரும்பிப் பாயும் கோளாறு உயர் நிலையில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் தருகிறோம். அதற்கும் கோ-டிரைமாக்ஸசோல் அல்லது நைட்ரோஃபுரான்டாயின்தான், செஃபிக்ஸிம் அல்ல. கோ-டிரைமாக்ஸசோல் என்றால், அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், ஒரே வேளை, படுக்கப்போகுமுன். இரவில் சிறுநீர் பையில் நெடுநேரம் தங்குவதால்தான் அந்த நேரம். நம் 10 கிலோ குழந்தைக்கு, 5 மில்லியில் 40 மில்லிகிராம் டிரைமெத்தோபிரிம் உள்ள சிரப்பில் 1.25 முதல் 2.5 மில்லி. மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கும் இரண்டுமே கூடாது. 2014-இல் வந்த ரிவர் ஆய்வில் கோ-டிரைமாக்ஸசோல் மறுதொற்றைப் பாதியாகக் குறைத்தது. சிறுநீரகத் தழும்பைக் குறைக்கவில்லை. மீறி வந்த தொற்றுகளில், அந்த மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி அதிகம் இருந்தது. தடுப்பு மருந்தின் நடுவே காய்ச்சல் வந்தால் அதன் அளவைக் கூட்டுவது தவறு. கல்ச்சர் எடுத்து, வேறு மருந்தை முழு அளவில் முழு நாளும் கொடுத்துவிட்டுத்தான் தடுப்புக்குத் திரும்ப வேண்டும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் செஃபிக்ஸிம் இருக்கிறது. சிவப்புக் கட்டத்தில் ஆங்கில எச்சரிக்கை இருக்கிறது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறி மூன்று ஆண்டு பத்திரமாக இருக்கிறது. எழுதிய நாளுக்கு அந்த அளவு போதுமா என்று மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று தாய்மாருக்குச் சுவரொட்டி ஒட்டுகிறோம். பாதியோடு நிற்கும் பாட்டிலைத் தயாரிக்க உரிமமும் கொடுக்கிறோம். சாமர்த்தியம்தான்.

கோபத்தைப் பொறுத்தருள வேண்டும். 60 மில்லி பாட்டில், உள்ளே ஒரு சிரிஞ்ச், பெட்டியின் மேல் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் கலக்கும் முறை, எடைவாரியாக எத்தனை மில்லி என்ற ஒரு சிறு அட்டவணை: இவற்றுக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரையில், குழந்தையின் எடையும் நாள் கணக்கும் இல்லாத சீட்டுக்கு இந்த சிரப்பைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்றும், தேவைப்படும் பாட்டில்களை ஒரே தடவையில் கொடுத்து, இரண்டாவதை முதலாவது தீரும்வரை கலக்க வேண்டாம் என்று சொல்லியனுப்ப வேண்டும் என்றும் கடைகளுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவில் பணிபுரியும் மருந்தாளுநர்கள் சிலர்