பண்ணுக்குப் பெயர் மட்டுமா மாறியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் எங்கள் திருக்கோணமாமலைப் பதிகத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் படிக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு வரி வந்தது. பழைய பண்கள் எல்லாம் இன்றைய ராகங்களாக அப்படியே இருக்கின்றனவாம், பெயர் மட்டும்தான் மாறியதாம். பக்கத்திலேயே ஓர் அட்டவணை: புறநீர்மை என்றால் பூபாளம், கௌசிகம் என்றால் பைரவி, செவ்வழி என்றால் யதுகுலகாம்போதி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த அட்டவணை பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இன்று ஓதுவார்கள் எந்தப் பண்ணை எந்த ராகத்தில் பாடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சம்பந்தர் காலத்தில் அந்தப் பண் எப்படி ஒலித்தது என்பதற்கு அது சான்று ஆகாது. இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் மனக்குறை.

உங்கள் அட்டவணையையே பாருங்கள். காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் ஆகிய நான்குக்கும் எதிரே நவரோஜ் என்றே போட்டிருக்கிறீர்கள். நான்கும் ஒன்றுதான் என்றால் திருமுறையைப் பண்முறையில் வகுத்தவர்கள் ஏன் நான்கு தலைப்பு வைத்தார்கள்? அவர்கள் காதுக்கு நான்கும் வேறாகக் கேட்டிருக்க வேண்டும். அந்த வேறுபாடு இன்று நம்மிடம் இல்லை. தொலைந்து போன ஒன்றை அப்படியே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அதைத் தேடிப் பார்க்கும் எண்ணமே அவர்களுக்கு வராது.

சில வருடங்களுக்கு முன் பாடசாலைகளுக்கு இடையிலான ஒரு பண்ணிசைப் போட்டிக்கு என் மாணவி ஒருத்தியைக் கூட்டிப் போனேன். புறநீர்மைப் பண்ணில் அமைந்த எங்கள் கோணேசர் பதிகத்தைப் பௌளியில் பாடினாள். அவளுடைய பாட்டனார் கோயிலில் பாடிவந்த விதம் அது. நடுவர் ஒருவர் 'பண் தவறு' என்று எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டார். காரணம் கேட்டபோது எடுத்துக் காட்டியது இதே போன்ற ஓர் அட்டவணையைத்தான். இன்று நாம் பாடும் பூபாளத்தில் வருவது சாதாரண காந்தாரம், பௌளியில் வருவது அந்தர காந்தாரம். புறநீர்மையின் காந்தாரம் இந்த இரண்டில் எது என்று காட்டும் பழைய சுரக்குறிப்பு ஒன்றும் நம்மிடம் இல்லை. அப்படியிருக்க அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வீடு போனதற்கு யார் பொறுப்பு?

சரி, அறிஞர்கள் என்னதான் சொல்கிறார்கள்? ஒரு ஆர்மோனியம் இருந்தால் எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். சிலப்பதிகார உரையில் ஒரு பழைய வெண்பா வருகிறது. ஏழு சுரங்களையும் பழைய பெயர்களால் சொல்லி, குரலுக்கு 4 அலகு, அதாவது 4 சுருதி, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2, ஆக 22 என்று அது சொல்கிறது. ஒவ்வொரு அலகையும் அந்தச் சுரத்துக்குக் கீழே உள்ள இடைவெளியாக எடுத்துக்கொள்ளுங்கள். குரலைச் சட்சமாக வைத்து ஏறினால் கிடைப்பது அரிகாம்போதி. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டுக்கொண்டு போனாலும் அதே அரிகாம்போதிதான் வரும். இதைச் செம்பாலை என்கிறார்கள். இப்போது கட்டைகளை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். துத்தத்தைக் குரலாக்கி ஆறு கட்டையில் தொடங்கினால் படுமலைப்பாலை, அது நடபைரவி. உழையில் தொடங்கினால் அரும்பாலை, சங்கராபரணம். இளியில் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியில் விளரிப்பாலை, தோடி. தாரத்தில் மேற்செம்பாலை, கல்யாணி. கலாநிதி எஸ். இராமநாதன் போன்றவர்கள் நிறுவியதும், இன்று பலரும் ஏற்பதும் இந்த முறைதான்.

கைக்கிளையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அங்கே, அதாவது ஏழு கட்டையில், தொடங்கினால் வருவது செவ்வழிப்பாலை. வாசித்துப் பாருங்கள். ஐந்தாவது சுரம் பஞ்சமத்துக்கு எட்டாது, அரைச்சுரம் கீழே பிரதி மத்திமத்திலேயே நின்றுவிடும். சுத்த மத்திமமும் இருக்கிறது, பிரதி மத்திமமும் இருக்கிறது, பஞ்சமம் இல்லை. 72 மேளகர்த்தாவில் இதற்கு இடமே கிடையாது. ஆனால் தேவாரத்தில் செவ்வழி என்று தலைப்பிட்ட பதிகங்களை இன்று யதுகுலகாம்போதியில் பாடுகிறோம். அதில் பஞ்சமம் வடிவாக நிற்கிறது. பெயர் ஒன்று, இசை வேறு. உங்கள் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிராகவே இங்கே நடந்திருக்கிறது.

ஏன் இப்படி என்றால், இரண்டும் வேறு வேறு அடிப்படையில் கட்டப்பட்டவை. பாலை முறையில் நரம்புகள் அப்படியே இருக்கும், குரல் இடம் மாறும். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த மேள முறையில் சட்சமும் பஞ்சமமும் அசையாது, மற்றச் சுரங்கள்தான் மாறும். ஒன்றிலிருந்து மற்றதற்கு வழி உண்டு, மறுக்கவில்லை. அதற்காக இரண்டுக்கும் நடுவே சமன் குறி போட முடியாது.

அறிஞர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி என்று வாதாடினார். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் 22 என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்த வெண்பாவின் அலகைச் சுரத்துக்குக் கீழே எண்ணாமல் மேலே எண்ணினால் செம்பாலையே கல்யாணி ஆகிவிடும். இந்த வாதங்களை நீங்கள் அச்சிட்டிருந்தால் வாசகர்கள் விரும்பிப் படித்திருப்பார்கள். அடிகளார் கல்விப்பணி செய்த ஊர் இது. அவருடைய நினைவு நாளுக்கு மாலை போட்ட படத்தைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள், அவர் உழைத்து எழுதியதைப் பற்றி ஒரு பந்தி எழுத ஆளில்லை. முன்பு ஒருமுறை இதைப் பற்றி நான் எழுதியபோதும் முதல் இரண்டு வரிப் பாராட்டை மட்டும் போட்டுவிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் வெளியிடும் தேவாரப் பகுதியில் பண்ணின் பெயரை முதலில் போடுங்கள். ராகத்தின் பெயருக்கு முன்னால் 'இன்று பாடப்படும் ராகம்' என்று மூன்று சொற்களைச் சேருங்கள். அந்த அட்டவணையை இனிமேல் அச்சிடும்போது சமன் குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த போட்டிக்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.