சார்ட் பார்க்க வந்திருக்கும் புதியவர்களுக்கு

நம் முதலீட்டுச் சங்கத்தில் இந்த மாதம் சேர்ந்திருக்கும் அண்ணமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வரவேற்புக் கூட்டத்தில் சார்ட் பற்றி, அதாவது பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் படம் பற்றி, நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "அப்போ சார்ட் படித்தால் நாளைக்கு விலை எங்கே போகும் என்று தெரிந்துவிடுமா தலைவரே?" என்று பலர் கேட்டீர்கள். தெரியாது. அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஒரு பங்கு மூன்று மாதமாக 190 ரூபாய்க்கும் 230 ரூபாய்க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 190 பக்கம் வந்தபோதெல்லாம் மேலே திரும்பியிருக்கிறது. இதைத்தான் சப்போர்ட் என்கிறோம். அந்தக் கோட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. முன்பு அந்த விலைக்கு வாங்காமல் விட்டவர்களும், அங்கே அவசரப்பட்டு விற்றவர்களும் மறுபடி வந்தால் வாங்கலாம் என்று காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தோவாளைப் பூச்சந்தையில் நேற்றைய பிச்சிப்பூ விலையைப் பார்த்தால் நேற்று எவ்வளவு பேர் தேடி வந்தார்கள் என்று தெரியும். நாளைக்கு மழை பெய்து வரத்து குறையுமா என்று தெரியாது. சார்ட்டும் அப்படித்தான்.

சரி, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? நம் கணிப்பு எந்த விலையில் தப்பாகிறது என்பதை வாங்கும் முன்பே குறித்து வைக்க. மேலே சொன்ன பங்கை 196-க்கு வாங்குகிறீர்கள். 190 உடைந்தால் காத்திருந்தவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று பொருள். விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். சரியாக 190-ல் நிறையப் பேரின் ஸ்டாப் லாஸ் கிடக்கும், விலை அதைத் தொட்டுவிட்டு மேலே போவதும் உண்டு. அதனால் கொஞ்சம் தள்ளி 186 என்று வைப்போம். ஒரு பங்குக்கு நஷ்டம் 10 ரூபாய். உங்கள் கையில் 1 லட்சம் இருக்கிறது, ஒரு வாங்கலில் 1,000 ரூபாய்க்கு மேல் இழக்க மனமில்லை என்றால் 100 பங்கு வாங்கலாம், 19,600 ரூபாய்க்கு. எவ்வளவு வாங்குவது என்பதை இப்படிக் கணக்குப் போட முடிகிறது பாருங்கள், என்னைக் கேட்டால் சார்ட்டின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 1,000 ரூபாய்க்கும் உத்தரவாதம் கிடையாது. மாலையில் கம்பெனியின் காலாண்டு முடிவு மோசமாக வருகிறது, மறுநாள் காலை பங்கு 171-ல் திறக்கிறது. 186-ல் வியாபாரமே நடக்கவில்லை. விற்றால் உங்கள் நஷ்டம் 2,500. ஸ்டாப் லாஸை லிமிட் ஆர்டராக, 186-ல் கிளம்பி 185-க்குக் குறையாமல் விற்கும்படி போட்டிருந்தால் இன்னும் சிக்கல். ஆர்டர் கிளம்பும், ஆனால் 185 கொடுத்து வாங்க ஆள் இல்லாமல் அப்படியே கிடக்கும். விலை 165, 160 என்று போய்க்கொண்டே இருக்கும். "ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேனே!" என்று ஆச்சரியப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 1 லட்சத்தையும் போட்டு 510 பங்கு வாங்கியவருக்கு 171-லேயே 12,750 ரூபாய் போயிருக்கும். கோடு இருவருக்கும் ஒன்றே, வித்தியாசம் எண்ணிக்கையில்.

இது சின்னப் பங்குகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 2024 ஜூன் 3 திங்கட்கிழமை, மக்களவைத் தேர்தல் வாக்குக்கணிப்புகளுக்குப் பிறகு, பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி புதிய உச்சம் தொட்டு 23,264 பக்கம் முடிந்தது. சார்ட்டில் அருமையான பிரேக்அவுட், அதாவது பழைய உச்சத்தை உடைத்து மேலே போனது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 21,884-ல் முடிந்தது, கிட்டத்தட்ட 6 சதவீதச் சரிவு. அதே வாரம் வெள்ளிக்கிழமை 23,290. செவ்வாயன்று ஸ்டாப் லாஸில் வெளியேறியவர் திட்டப்படிதான் நடந்தார், ஆனாலும் நஷ்டப்பட்டார். பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவர் தப்பினார். இதில் யார் கெட்டிக்காரர் என்று எந்தச் சார்ட்டை வைத்தும் சொல்ல முடியாது. வாக்குப்பெட்டிக்குள் இருப்பது விலைக் கோட்டில் தெரியாது, அதனால் தேர்தல் முடிவு, காலாண்டு முடிவு மாதிரி நாட்களுக்கு முன்னால் வாங்கும் பங்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள் என்பது என் கட்சி.

இன்னொன்று. பழைய சார்ட்டில் எல்லோரும் சூரர்கள். ஏறி முடிந்த படத்தில் "இதோ இங்கே வாங்கியிருக்கணும்" என்று விரல் வைப்பது சுலபம். டெலிகிராமில் வரும் படங்கள் எல்லாம் இந்த ரகம், தோற்ற படத்தை யார் அனுப்புவார்கள்? வீட்டில் பழைய சார்ட் ஒன்றை எடுத்து, வலது பாதியைத் தாளால் மூடிவிட்டு, எங்கே வாங்குவீர்கள், எங்கே தப்பென்று ஒத்துக்கொள்வீர்கள், எத்தனை பங்கு என்று எழுதுங்கள். பிறகு தாளை ஒவ்வொரு நாளாக நகர்த்துங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அப்படி இருபது சார்ட் பார்த்த நோட்டோடு வாருங்கள். தோற்றவற்றை அடித்துவிட வேண்டாம், அதைத்தான் முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
சங்கத் தலைவர்,
நாகர்கோவில்