எதிர்வீட்டு வண்ணாத்திக்குருவி

சத்துவாச்சாரி,
ஏப்ரல் 20

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இருந்துகொள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் பரீட்சை முடிந்து வந்துவிட்டாள். வாத்தியார் வீட்டுக் கிணறு இந்த வருஷமும் வற்றிவிட்டது. வீட்டுச் சேதி இவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. அனல் தாங்காமல் பங்குனி முழுக்க மொட்டைமாடியில்தான் படுத்தேன். விடியற்காலை ஐந்தேகாலுக்கெல்லாம் எதிர்வீட்டு ஆன்டெனாக் கம்பியில் ஒரு வண்ணாத்திக்குருவி வந்து உட்காரும். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆண். புத்தகங்களில் குண்டுக்கரிச்சான் என்று போட்டிருப்பார்கள். இருட்டு பிரியாத அந்த நேரத்தில் அரைமணி நேரம் விடாமல் பாடும். தெருக்கோடி வேப்பமரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும். சூரியன் தலைகாட்டும்போது இரண்டும் இரைதேடப் போய்விடும்.

போன மாதம் வேப்பமரத்துக் குருவியைப் பூனை பிடித்துவிட்டது. மறுநாள் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளே அதே கிளையில் புதிதாக ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தது! பாட்டு வேறு, கிளை மட்டும் அதுவே. நம் ஆன்டெனாக்காரன் அன்று ஏழு மணிவரை ஓயவே இல்லை. அந்த இடம் எப்போது காலியாகும் என்று காத்துக்கொண்டிருந்த குருவி இத்தனை நாள் எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்.

'பாட்டு என்றாலே பெண்ணுக்குத்தான்டா' என்று ஏலகிரியில் அன்று அடித்துச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? உன்னோடு அந்தச் சண்டையை இன்னும் முடிக்கவில்லை. 1970களில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்ற பறவை ஆராய்ச்சியாளர் பட்டாணிக்குருவி ஆண்களைப் பிடித்து அப்புறப்படுத்தினார். சில இடங்களில் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார், சில இடங்களில் வெறும் ஊதல் ஓசை, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. ஊதல் கேட்ட இடங்களும் அமைதியாகக் கிடந்த இடங்களும் சீக்கிரம் பறிபோயின. பாட்டு கேட்ட இடங்களுக்குள் நுழைய மற்ற ஆண்கள் வெகுநேரம் தயங்கின. உள்ளே குருவியே இல்லை, பாட்டு மட்டும்தான் காவல் காத்தது.

ஆனால் உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே பட்டாணிக்குருவியை ரூத் மேஸ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்தபோது, பெண் முட்டையிடும் நாட்களில்தான் ஆணின் விடியற்காலைப் பாட்டு உச்சத்துக்குப் போனது. பெண் தூங்கும் பொந்துக்கு அருகில் உட்கார்ந்து பாடும், அவள் வெளியே வந்ததும் நிறுத்திவிட்டுக் கூடப் போய்விடும். அவள் கருத்தரிக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் வேறொரு ஆண் வந்துவிட்டால் இவனுக்கு நஷ்டம். அப்படியானால் அந்தப் பாட்டு அவளுக்கா, வரப்போகிற அந்த ஆணுக்கா? இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

பிரித்துக் காட்டியது ஐரோப்பாவின் நைட்டிங்கேல் குருவிதான். அதன் ஆண் இரவிலும் பாடும், விடியலிலும் பாடும். பறவைகளின் முதுகில் சின்ன ரேடியோக் கருவி கட்டிப் பின்தொடர்ந்தபோது, துணைதேடும் பெண்கள் நடுராத்திரியில் ஒவ்வோர் ஆணின் எல்லையாகச் சுற்றிவந்தன. இடமில்லாத ஆண்களோ விடியற்காலையில்தான் அடுத்தவன் எல்லைக்குள் நுழைந்து பார்த்தன. ஜோடி சேர்ந்த ஆண் இரவுப்பாட்டை விட்டுவிடுகிறது, விடியல்பாட்டை விடுவதில்லை. ஆக, இரவுப்பாட்டு பெண்ணை நோக்கி, விடியல்பாட்டு பெரும்பாலும் போட்டியாளனை நோக்கி. இது நைட்டிங்கேல் கதை. எல்லாப் பறவைக்கும் இப்படியே என்று நான் சொல்லமாட்டேன்.

சூரியன் வருவதற்கு முன்பே ஏன் என்று கேட்பாய். அந்த மங்கலில் பூச்சி கண்ணுக்குப் படாது, ஆனால் பாடக் கண் வேண்டியதில்லை. வெளிச்சம் வந்தபின் பாடுகிற ஒவ்வொரு நிமிடமும் இரையை இழக்கும் நிமிடம். கண் பெரிதான பறவைகள் முந்தி எழுந்து பாடுவதும், மேகம் மூடிய நாளில் எல்லாமே தாமதிப்பதும் இதனால்தான். காற்றும் அப்போது அடங்கியிருப்பதால் பாட்டு சிதறாமல் போய்ச் சேரும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, ராத்திரி செத்தவன் யார், இருப்பவன் யார் என்று விடிந்ததும் தெரிந்தாக வேண்டும் என்பது. பாடாத கிளை காலிக் கிளை. வேப்பமரத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

இப்போது எதிர்வீட்டுச் சுவர் ஓட்டைக்குச் சாம்பல் நிறப் பெண் காய்ந்த புல்லும் வேரும் கொண்டுபோகிறாள். அவள் முட்டையிடும்போது ஆன்டெனாக்காரன் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்துகிறான் என்று நோட்டில் குறிக்கப்போகிறேன். அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை வந்துவிடு, மாடியில் உனக்கும் பாய் விரித்து வைக்கிறேன். நாலரைக்கு எழுப்பினால் முனகக்கூடாது.

அன்புடன்,
குமரேசன்