‘அம்மா வந்துச்சு’ மரியாதைக் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘அம்மா வந்துச்சு’ என்பதையும் அவர்கள் கணக்கில் எழுதிவிட்டது. அது இளைஞர்கள் கொண்டுவந்த வழக்கம் அல்ல. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பல வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே புழங்கும் பேச்சு. சொல்லப்போனால், நகரத்தில் வளரும் பிள்ளைகள்தான் அதை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதைக்கு மூன்று படிகள் உண்டு. தங்கச்சி ‘வந்தா’, அக்கா ‘வந்துச்சு’, ஊருக்குப் புதிதாக வந்த டீச்சர் ‘வந்தாங்க’. நடுப்படி, மூத்தவராகவும் நெருக்கமானவராகவும் இருக்கும் பெண்களுக்கு: அம்மா, அக்கா, அத்தை, அப்பாயி, அம்மாச்சி. ‘வந்தா’ என்றால் வயதுக்குப் பொருந்தாது, ‘வந்தாங்க’ என்றால் வேற்று மனுஷியாகிவிடும். வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி இது மாறும். ‘வந்துச்சு’ காதில் விழாத தெருக்களும் இங்கே உண்டு.

இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ‘அத்தை சொல்லுச்சு’ என்று உறவுப்பெயரோடு வந்தால் பாசம். அத்தை என்பதை எடுத்துவிட்டு ‘அது சொல்லுச்சு’ என்று மருமகள் சொன்னால், அன்று வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும்.

பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை, உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று பத்தாம் வகுப்பில் நடத்துகிறோம். மாட்டை உயர்திணையில் சொல்ல இடம் கொடுத்த இலக்கணத்தைக் காட்டிவிட்டு, அம்மாவைப் பாசத்தில் அஃறிணை முடிவில் சொன்னால் மட்டும் சிவப்பு மையால் அடிப்பது என்ன நியாயம்?

ஆனால் இந்த வழக்கத்தில் ஓர் ஓரவஞ்சனையும் உண்டு. அதே வீட்டில் அப்பா ‘வந்தாரு’, மாமா ‘வந்தாரு’. நடுப்படி ஆண்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. நேரில் பேசும்போதும் அப்பாவுக்கு ‘நீங்க’, அம்மாவுக்கு ‘நீ’. நகரத்துப் பிள்ளைகள் கலைத்திருப்பது இந்தக் கணக்கைத்தான்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து கும்பகோணம் வரும் பேரனைக் கவனித்துப் பாருங்கள். நேரில் “பாட்டி, நீ சாப்பிட்டியா?” என்பான், அப்பாவிடமும் “நீ வரியா?” என்றுதான் கேட்பான். போனில் நண்பனிடம் மட்டும் “பாட்டி சொன்னாங்க, அப்பா வரச் சொன்னாரு” என்பான். இங்கேயே வளர்ந்த அவன் பெரியப்பா மகன் “அப்பாயி சொல்லுச்சு” என்பான். ஆனால் அப்பாவிடம் ‘நீங்க’ தவறாது. முன்னவன் முகத்துக்கு நேரே காட்டாத மரியாதையை முதுகுக்குப் பின்னால் காட்டுகிறான். கட்டுரையாளருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்திருக்கிறது. பாட்டிக்கும் அப்பாவுக்கும் நேரில் ஒரே அளவு வைத்திருப்பதில் அவன் நம்மைவிட நியாயமானவன் என்றே எனக்குப் படுகிறது.

சிக்கல் வருவது வீட்டுக்கு வெளியே. எல்லோரிடமும் ‘நீ’ என்றே பழகிய நாக்குக்கு, வினைமுடிவில் ‘ங்க’ சேர்ப்பது தானாக வராது. “நீங்க எங்க போற?” என்று முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வரும். ‘நீங்க’ என்று தொடங்கினால் ‘போறீங்க’ என்று முடித்தாக வேண்டும், ஏனென்றால் பெரியவர் காதில் கடைசியாக நிற்பது வினைமுடிவுதான். சிலர் இரண்டையும் தவிர்த்து, “தாத்தா, இதுல கையெழுத்து போடணும்” என்று ஆளே இல்லாத வாக்கியத்துக்குள் நழுவிவிடுகிறார்கள். வங்கியில் அதைக் கேட்கும் பெரியவருக்கு, யார் போட வேண்டும் என்பதே சில சமயம் விளங்குவதில்லை. “போடுங்க” என்றால் முடிந்தது.

இதைவிட உறுத்துவது “சொல்லுங்கப்பா”. ‘ங்க’ இருக்கிறதே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் சொந்த அப்பாவிடம் தவிர, ‘ப்பா’ சம வயதினரிடமும் சின்னவர்களிடமும் போடும் வால். எழுபது வயதுக்காரரிடம் இருபது வயதுப் பையன் அதைப் போட்டால், மேலே ஏற்றிய ‘ங்க’வை ‘ப்பா’ கீழே இழுத்துவிடும்.

அறிமுகமில்லாத பெரியவரிடம் ‘ஐயா’, ‘அம்மா’ போதும். ‘தாத்தா’ என்றால் முகம் சுளிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அழைக்கும் சொல்லே வாய்க்கு வராவிட்டாலும் மோசமில்லை. வினையே இல்லாத பதிலிலும் ‘ங்க’ ஒட்டும்: ஆமாங்க, இல்லீங்க, சரிங்க. பஸ்ஸில் “கும்பகோணமாங்க?” என்று கேட்டால் ‘ஐயா’வும் வேண்டாம், ‘அங்கிள்’ளும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்