சனிக்கிழமையை எப்படி எழுதுவது

மாட்டுங்கா, மும்பை

அன்பு மகள் நித்யாவுக்கு,

ஹிஞ்ச் என்ற டேட்டிங் செயலியில் நீ போடப்போகும் பயோவைப் படித்துப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பியிருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வரன் தேடும் வேலையை நீயே எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை; ஒரு நாளிதழின் வரி விளம்பரக் கவுண்டரில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவளிடம் நீ கேட்டாயே என்பதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு. உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, பயப்படாதே.

அதில் வார இறுதி பற்றிய கேள்விக்கு நீ ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வருகிறது: "பயணம், நல்ல சாப்பாடு, நண்பர்கள், ஒரு படம்." பெயரை மறைத்துவிட்டால் இது பெங்களூரில் எவருடைய வார இறுதியாகவும் இருக்கலாம். இந்த நான்கில் எதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உனக்கு எழுதுவான்? "எனக்கும் பயணம் பிடிக்கும்" என்று எழுதலாம், நீ "அப்படியா" என்று எழுதலாம், அதற்குமேல் பேச்சு நகராது. எங்கள் கவுண்டரிலும் இதே கதைதான். பண்பான, அடக்கமான, நல்ல குடும்பத்துப் பெண் என்று வரிக்கு வரி காசு கொடுத்து எழுதுவார்கள். எல்லாப் பெண்ணும் ஒரே பெண்ணாகவே தெரிவாள். ஒருமுறை ஓர் அம்மாள், நான் தடுத்தும் கேளாமல், "மகன் ஞாயிறுதோறும் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் தேடுவான்" என்று ஒரு வரியைக் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்த்தார். பெட்டி எண்ணுக்கு வந்த கடிதங்களை வாங்க வந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் புத்தகக் கடைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

நீ இரண்டாவதாக எழுதி வைத்திருக்கும் நந்தி மலை சூரியோதயத்தையும் எடுத்துவிடு. அறுபது கிலோமீட்டர் போக விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். நீ போனது ஒரே ஒரு முறை, அன்றும் காரில் தூங்கிப்போனாய் என்பது எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டு ஒருவன் "வருகிற சனிக்கிழமை போகலாமா" என்று கேட்டால் உனக்கு மகிழ்ச்சி வராது, கலக்கந்தான் வரும். உன் ஆசைக்கு உகந்த வார இறுதி என்பது நீ குறைந்தது மூன்று முறையாவது வாழ்ந்து பார்த்ததாக இருக்கட்டும். வழக்கமான ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைப்பதையும் கடன்காரன்போல வந்து நிற்கும் அலுவலக மடலையும் கழித்துவிட்டு மீதியிருப்பதுதான் அது.

நானே உனக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு லால்பாக், எட்டு மணிக்குத் தோசை, பதினொரு மணிக்குச் சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடை, மாலை ரங்கசங்கராவில் நாடகம். எழுதி முடித்தபின் ரயில் கால அட்டவணையைப் பார்த்ததுபோல இருந்தது. விவரம் இருக்கிறது, ஆனால் இன்னொருவர் நுழைய இடமில்லை. உன் நாள் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதைவிட மோசம், சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ எங்கே தனியாக நடப்பாய் என்பதை முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு அது சொல்லிவிடுகிறது. கடையின் பெயர், நேரம், வழக்கமான வழி ஆகிய மூன்றையும் எழுதாதே. செய்கிற காரியத்தை நுணுக்கமாகச் சொல்லிவிட்டு, இடத்தை "எம்.ஜி. ரோடு பக்கம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வது போதும்.

ஹிஞ்சில் ஒரு பதிலுக்கு 150 எழுத்துகள்தான் இடம் என்று நீ சொன்னாய். ஆங்கிலத்தில் அது சுமார் இருபத்தைந்து சொற்கள். எனவே நான்கு காரியங்கள் வேண்டாம், இரண்டு போதும். உன் அலமாரியில், முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் கொடுத்து, பிறகு எப்படியோ பழைய கடைக்கு வந்துசேர்ந்த புத்தகங்கள் பதினொன்று இருக்கின்றனவே, அதை விட்டுவிட்டு "வாசிப்பு" என்று பொதுவாக எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன், ஆங்கிலத்தில் நீயே சுருக்கி மாற்றிக்கொள்:

"சனிக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகளில், முதல் பக்கத்தில் யாருக்கோ வாழ்த்து எழுதிய பிரதிகளைத் தேடுவேன். இதுவரை 11. பிறகு இட்லி, சாம்பார் டிப்தான், செப்பரேட் கிடையாது."

இதில் பதினொன்று என்ற எண்தான் முதல் கதவு. எண்ணிக்கையைக் கண்டவுடன் "எதில் எழுதியிருப்பது உங்களுக்கு மிகவும் பிடித்தது?" என்று கேட்கத் தோன்றும், "நிறைய" என்று எழுதியிருந்தால் தோன்றாது. புத்தகமே படிக்காதவன் ஒருவன் நல்லவனாக இருக்கலாம், அவனுக்காக இரண்டாவது கதவு. உங்கள் ஊர்த் தர்ஷினி உணவகத்தில் நின்றுகொண்டு சாப்பிட்ட எவனுக்கும், இட்லியைச் சாம்பாரில் மூழ்கவைத்துத் தரவா, சாம்பாரைத் தனியாகத் தரவா என்று கேட்கும் "டிப்பா, செப்பரேட்டா" என்ற கேள்வி காதில் விழுந்திருக்கும், அதற்கு அவனிடம் ஒரு பதிலும் இருக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவனுக்கு அது புரியாமல் போகலாம். போனால் என்ன, அது என்னவென்று கேட்பான். ஆனால் நாடக இயக்குநர்களின் பெயர்களை அடுக்கினாயானால் கேட்கவே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவான்.

கடைசியில் "நீங்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொல்வதுபோல இருக்கும். சிறிய விஷயத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டால், மறுபக்கத்துக்காரன் தானாகவே வாயைத் திறப்பான். அரசியலிலும் மதத்திலும் அப்படிச் சாய்ந்தால் சண்டைதான் வரும், சாம்பாரில் அந்த அபாயம் இல்லை.

போட்டுவிட்டு இரண்டு வாரம் தொடாமல் இரு. வருகிறவர்கள் எந்தச் சொல்லைப் பிடித்து எழுதுகிறார்கள் என்று மட்டும் பார். ஹிஞ்சில் குறிப்பிட்ட ஒரு பதிலின் கீழேயே கருத்து எழுதலாம் என்பதால் இது எளிதாகத் தெரிந்துவிடும். எல்லாரும் உன் புகைப்படத்துக்கு மட்டும் "ஹாய்" போட்டால், அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை. பயோவின் மேலே அதைக் கொண்டுபோ. "நானும் டிப்தான்" என்று ஒப்புக்கொண்டு அதோடு நின்றுவிட்டால், இட்லியை எடுத்துவிட்டு வேறொன்றை வை. ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதே, எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நன்றாகத் தொடங்கி மூன்றாவது செய்தியில் பேச்சு அறுந்துபோகிறதென்றால் குற்றம் பயோவில் இல்லை, உன்னிடம் அடுத்த கதை தயாராக இல்லை என்று பொருள். அதனால்தான் அந்தப் பதினொன்றில் மிகச் சிறந்த வாழ்த்து எது என்பதை நான் பயோவில் எழுதவில்லை. கேட்பவனுக்கென்று அதை வைத்துக்கொள்.

நேற்று கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனபோது, "கமலா சித்திக்கு, தேர்வில் தேறியதற்காக, 1974" என்று எழுதிய ஒரு சமையல் புத்தகம் கிடைத்தது. அறுபது ரூபாய் கொடுத்து வாங்கி உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதைப் பன்னிரண்டாவதாகக் கணக்கில் சேர்த்துவிடாதே. அது நான் தேடியது.

அன்புடன்,
அம்மா