துக்க வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களில் பலர், உட்கார்ந்ததும் உட்காராததுமாக "எப்படி ஆச்சு?" என்றுதான் தொடங்குகிறார்கள். கேட்பவருக்கு அது ஒரே ஒரு கேள்வி. பறிகொடுத்தவருக்கோ, வருகிற ஒவ்வொருவருக்காகவும் அந்தச் சாவை முதலிலிருந்து சொல்லித் தீர வேண்டிய கட்டாயம். எங்கள் தெருவில் அண்மையில் மாரடைப்பால் கணவரை இழந்த பெண்மணி, அவர் இரவில் நெஞ்சு எரிகிறது என்றதையும், அஜீரணம் என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்ததையும், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் காரியம் வரைக்கும் ஒப்பித்துக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்த உறவினர் ஒருவர், "அப்பவே ஒரு இ.சி.ஜி. எடுத்திருக்கலாமே" என்றார். அவர் ஆதங்கத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சோடாவை வாங்கிக் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டார். விவரம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், வாசலில் நிற்கும் பங்காளியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம்.

வயதானவர் இறந்தால் "கல்யாணச் சாவு" என்பதும் அப்படித்தான். அதை வீட்டார் சொல்லிக்கொள்ளலாம், நாம் சொல்லக் கூடாது. அழுகிறவரை "பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு" என்று அடக்குவதும் வேண்டாம்.

பிறகு என்னதான் பேசுவது? கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பதில் தவறில்லை. பேசினால் இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். அதே வீட்டுக்கு வந்த, அவருடன் வேலை பார்த்த இளைஞர், "கணக்கு இடித்த அன்னைக்கு, ராத்திரி எட்டு மணி வரைக்கும் என்கூட உட்கார்ந்து சார்தான் கண்டுபிடிச்சுக் கொடுத்தார்" என்றார். அதுவரை பதில் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, "அது எப்போ தம்பி?" என்று முதன்முறையாகத் தாமே ஒன்றைக் கேட்டார். துக்க வீட்டில் "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வரும் நம் வழக்கமும் எனக்குப் பிடித்ததே. விடைகொடுக்கும் சுமையாவது அவர்களுக்கு மிச்சம்.

"எதுவானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதிலும் பயன் குறைவு, யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் வீட்டார்தான் பதிவு செய்ய வேண்டும். கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். வங்கி, ஓய்வூதியம், காப்பீடு என எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே, "திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன், ஆதார் அட்டையை மட்டும் எடுத்து வையுங்கள், பதிவு செய்துவிட்டு வரலாம்" என்று வீட்டிலுள்ள இளையவர் ஒருவரைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.